பூஸ்டர் பம்பு லைன் இடிக்கிறதா? சத்தம் வரும் நேரத்தை வைத்துக் காரணம் பிடிப்பது

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் இப்போது பத்து மாடி, பன்னிரண்டு மாடி அடுக்ககங்கள் வந்துவிட்டன. கீழே சம்ப், அதை ஒட்டி பம்பு ரூம், அதில் இரண்டு மூன்று செங்குத்து மல்டிஸ்டேஜ் பம்புகள், அவற்றுக்கு ஒரு பேனல். இந்த செட் உள்ள கட்டடங்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்றுதான்: "பைப்பு இடிக்குது." உடனே பிரஷரைக் குறைப்பார்கள், அல்லது யாரோ சொன்னார் என்று பெரிய பிரஷர் டேங்க் வாங்கி வைப்பார்கள். சத்தம் எப்போது வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

எனவே முதலில் இரண்டு நாள் பம்பு ரூம் பார்க்கும் ஆளிடம் சொல்லிக் குறித்து வாங்குங்கள். இடி மோட்டார் நிற்கும்போதா, கரண்ட் போகும்போதா, மோட்டார் எடுக்கும்போதா, அல்லது எல்லாம் சீராக ஓடும்போதே வருகிறதா? அதற்கேற்ற தலைப்புக்குப் போங்கள். கீழே 'கிலோ' என்று சொல்வதெல்லாம் கேஜில் காட்டும் அழுத்தம். ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீர், டயர் கேஜில் 14 பி.எஸ்.ஐ.

கழற்றுவதற்கு முன் ஒன்று. பேனலை அணைத்துப் பூட்டுங்கள், லைனில் உள்ள அழுத்தத்தை டிரெய்ன் வால்வு வழியாக முழுவதும் இறக்குங்கள். 6 கிலோ அழுத்தம் உள்ள யூனியனைக் கழற்றினால் கை போகும்.

## அறிகுறி 1: ஒவ்வொரு முறை மோட்டார் நிற்கும்போதும் 'டம்' என்று ஒரு சத்தம்

மோட்டார் நிற்கும் நேரத்தில் பம்பு ரூமில் நின்று, பம்பின் டெலிவரியில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வான என்.ஆர்.வி. மேல் உள்ளங்கையை வையுங்கள். சத்தமும் அதிர்வும் ஒரே கணத்தில் கைக்குள் வந்தால் அடிப்பது என்.ஆர்.வி.யின் தட்டு. கையில் லேசாகத்தான் தெரிகிறது, சத்தம் மேலே எங்கோ கேட்கிறது என்றால் முதலில் பைப்பின் கிளாம்புகளைப் பாருங்கள். ஷாஃப்டுக்குள் ஏறும் ரைசரில் இரண்டு கிளாம்பு ஆங்கர் விட்டிருந்தால், சாதாரண அதிர்வே சுவரில் மோதி வீடு வீடாகக் கேட்கும். கிளாம்பை இறுக்கி, பைப்புக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பர் வைத்தால் செலவில்லாமல் முடிந்துவிடும்.

அடுத்தது டிரைவின் செட்டிங். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவான வி.எஃப்.டி. இருந்தால், மோட்டார் வேகம் குறைந்து நிற்க எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். பல இடங்களில் அதை 1 அல்லது 2 வினாடியில் விட்டிருப்பார்கள். 8 முதல் 10 வினாடியாக்குங்கள். பம்பு மெதுவாகத் தளர்ந்தால், ஓட்டம் பூச்சியமாகும் நேரத்தில் தட்டும் தானாகவே சீட்டில் போய் அமர்ந்துவிடும்; திரும்பி வரும் தண்ணீர் அதைத் தள்ளி அடிக்க இடமிருக்காது. பழைய ஸ்டார்-டெல்டா பேனல் என்றால் இந்த வசதி இல்லை.

இரண்டும் சரியாக இருந்தும் இடித்தால் என்.ஆர்.வி.யைத் திறந்து பாருங்கள். நம்ம ஊர் போர் தண்ணீர் ஓடும் லைன்களில் தட்டின் கீலில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். கையால் தூக்கிவிட்டால் தட்டு உடனே விழ வேண்டும். பாதியில் தொங்கி, யோசித்து விழுகிறது என்றால் அதுதான் குற்றவாளி. ஓட்டம் நின்ற பிறகும் திறந்தே இருக்கும். தண்ணீர் திரும்பி வேகமெடுத்ததும் ஒரேயடியாகச் சாத்தும். சுத்தம் செய்து மாட்டினால் சில மாதம் ஓடும். அதே நோவு மறுபடி வந்தால் வால்வின் வகையையே மாற்ற வேண்டும். அதை அடுத்த அறிகுறியில் விரிவாகச் சொல்கிறேன்.

இதில் ஒரு கிளை உண்டு. இரண்டு பம்பும் ஓடிக்கொண்டிருக்க, தேவை குறைந்து ஒன்று மட்டும் நிற்கும்போது இடிக்கிறதா? அது இன்னும் கடுமையாக இருக்கும். நின்ற பம்பின் என்.ஆர்.வி.யை ரைசரில் உள்ள தண்ணீர் மட்டுமல்ல, பக்கத்தில் ஓடும் பம்பும் சேர்ந்து பின்னால் தள்ளுகிறது. இங்கே தட்டைச் சுத்தம் செய்து நாள் கடத்த வேண்டாம். நிற்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்துக் கேட்கவில்லையென்றால் நேராக வால்வு மாற்றத்துக்குப் போங்கள்.

## அறிகுறி 2: சாதாரணமாக நிற்கும்போது ஒன்றுமில்லை, கரண்ட் போனால் மட்டும் இடி

அதிகப் பணம் வீணாவது இந்த அறிகுறியில்தான். ஆனி, ஆடிக் காற்றில் கரண்ட் போய் வரும் நாட்களில் இந்தப் புகார் குவியும்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அடுக்ககம், தரைத்தளத்துக்கு மேல் 11 மாடி. பம்பிலிருந்து மேல் குழாய் வரை உயரம் 36 மீட்டர். ரைசர் 3 அங்குல ஜி.ஐ. பைப், மொட்டை மாடியில் சுமார் 20 மீட்டர் படுக்கையாக ஓடி, அங்கிருந்து ஷாஃப்டுகளில் இறங்குகிறது. இரண்டு பம்பும் சேர்ந்து நிமிடத்துக்கு 450 லிட்டர். செட் பிரஷர் 6 கிலோ. பம்பு ரூம் பார்ப்பவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, கரண்டு போன ஒடனே ஒரு இடி இடிக்கி. பொறவு ஒண்ணுமில்ல. ஜெனரேட்டர் எடுத்தா நல்லாத்தான் ஓடுது."

அங்கே ஏற்கெனவே டிரைவில் நிற்கும் நேரத்தை 15 வினாடி வரை கூட்டியிருந்தார்கள். அதில் பயனில்லை. கரண்டே இல்லாதபோது டிரைவ் எதைக் கொண்டு மோட்டாரை மெதுவாக நிறுத்தும்? இந்த வகைப் பம்பின் சுழலும் பாகம் எடை குறைந்தது. கரண்ட் போன கணத்தில் அதன் தள்ளும் சக்தி செத்துவிடும். அதன்பின் மேலே போய்க்கொண்டிருந்த தண்ணீர் நின்று திரும்ப கால் வினாடி, மிஞ்சினால் அரை வினாடி. கீலில் ஊசலாடும் ஸ்விங் வகை என்.ஆர்.வி.யின் தட்டு அதற்குள் சாத்தாது. சாஃப்ட் ஸ்டார்ட்டரும் இதே கதைதான். கரண்ட் போகும்போது வரும் இடிக்கு "வி.எஃப்.டி. போடுங்கள்" என்று யாராவது விலை கொடுத்தால் அவரை அனுப்பிவிடுங்கள்.

இடி எவ்வளவு பெரியது? ஜி.ஐ. பைப்பில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 1 மீட்டர் சட்டென்று மாறினால் ஏறக்குறைய 12 கிலோ அழுத்தம் எழும்பும். சி.பி.வி.சி. பைப் இழுபடுவதால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். மேலே சொன்ன கட்டடத்தில் ஓட்ட வேகம் நொடிக்கு 1.5 மீட்டர், அதை முழுவதும் ஒரே கணத்தில் நிறுத்தினால் 18 கிலோ எழும்பும். என்.ஆர்.வி. அப்படி முழு ஓட்டத்தை நிறுத்துவதில்லை, திரும்பி வரும் ஓட்டத்தைத்தான் நிறுத்துகிறது. தண்ணீர் திரும்பி நொடிக்கு அரை மீட்டர் வேகம் எடுத்த பிறகு தட்டு சாத்தினால் லைனில் இருக்கும் அழுத்தத்துக்கு மேல் 6 கிலோ. பத்தில் ஒரு மீட்டரிலேயே சாத்திவிட்டால் 1 கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வால்வு எவ்வளவு சீக்கிரம் சாத்துகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

"சட்டென்று" என்பதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த லைனின் மொத்த நீளம் 56 மீட்டர். அழுத்த அலை ஜி.ஐ. பைப்பில் நொடிக்கு 1,250 மீட்டர் அளவில் ஓடும், போய்த் திரும்ப 0.09 வினாடி. அதற்குள் மூடும் எதுவும் முழு அடியைக் கொடுக்கும். சாதாரண கேஜின் முள் இவ்வளவு வேகத்தைக் காட்டாது. முள் 7-க்கு மேல் போகவில்லையே என்று நம்பாதீர்கள். உச்ச அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் டிஜிட்டல் கேஜோ, நொடிக்கு 100 தடவையாவது பதிகிற லாகரோ வேண்டும்.

முதல் சோதனை: பிரஷர் டேங்கின் காற்று. அடியில் அல்லது மேலே மூடியிட்ட காற்று வால்வு இருக்கும். மூடியைத் திறந்து முள்ளை அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் பை கிழிந்துவிட்டது, அந்த டேங்க் இனி வெறும் இரும்புப் பானை. காற்று வந்தால், டேங்கை லைனிலிருந்து பூட்டி, தண்ணீரை இறக்கிவிட்டு, டயர் கேஜால் அளந்து பாருங்கள். தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் இருக்கும்போது அளந்தால் லைன் பிரஷரைத்தான் காட்டும், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வி.எஃப்.டி. செட்டுக்கு, செட் பிரஷரில் 70 சதவீதம் அளவுக்குக் காற்று வையுங்கள். 6 கிலோ செட்டிங் என்றால் 4.2 கிலோ, டயர் கேஜில் 60 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடை கம்ப்ரசர் போதும்.

இரண்டாவது: டேங்க் எங்கே, எந்தப் பைப்பில் தொங்குகிறது. இதே கட்டடத்தில் இடிக்கிறது என்று 200 லிட்டர் டேங்க் ஒன்றை டெலிவரி ஹெடரில், என்.ஆர்.வி.களுக்கு அடுத்தாற்போல் வைத்துவிட்டுப் போயிருந்தார் ஒருவர். அதன்பின் இடி கூடிவிட்டது. குடியிருப்போர் சங்கத்தில் ஒரே சண்டை. ஆனால் இது எதிர்பார்க்க வேண்டியதே. பம்பு சாகும் கணத்தில், பக்கத்தில் 6 கிலோ காற்றை அடக்கி வைத்திருக்கும் டேங்க் தண்ணீரை இரண்டு பக்கமும் தள்ளும். ஒரு பக்கம் ரைசர், மறுபக்கம் இன்னும் திறந்தே கிடக்கும் என்.ஆர்.வி. ஓட்டம் முன்பைவிட வேகமாகத் திரும்ப, ஸ்விங் தட்டு முன்பைவிட பலமாக அடிக்கும்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் வேகமாகச் சாத்தும் என்.ஆர்.வி., பிறகு டேங்க். தலைகீழாகச் செய்யக்கூடாது.

மூன்றாவது: என்.ஆர்.வி. மாற்றம். ஸ்விங் வகையை எடுத்துவிட்டு, ஸ்பிரிங் வைத்த நாசில் வகை என்.ஆர்.வி. போடுங்கள். இதில் தட்டு கீலில் ஊசலாடாது. நடு அச்சில் சில மில்லிமீட்டர்தான் நகரும், ஓட்டம் குறையும்போதே ஸ்பிரிங் அதைத் தள்ளி மூடிவிடும். திரும்பும் ஓட்டத்துக்கு வேகமெடுக்க நேரம் கிடைக்காது. அளவில் கவனம் தேவை. இந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு பம்புக்கும் 225 லிட்டர், 2 அங்குல வால்வில் வேகம் நொடிக்கு 1.9 மீட்டர் வருகிறது, தட்டு முழுவதும் திறந்து நிற்கும். "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று 3 அங்குலம் வாங்கினால் வேகம் பாதிக்கும் கீழே போய், தட்டு பாதித் திறப்பில் நடுங்கிக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் ஸ்பிரிங் உடையும். ஜங்ஷன், டவுன் கடைகளில் எல்லா அளவும் உடனே கிடைப்பதில்லை, கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். ஓட்டத்தையும் அழுத்தத்தையும் சொல்லிக் கேளுங்கள், பைப் அளவை மட்டும் சொல்லாதீர்கள்.

அந்தக் கட்டடத்தில் மாற்றுவதற்கு முன் லாகரில் உச்சம் 11 கிலோவைத் தொட்டது. இரண்டு என்.ஆர்.வி.யும் மாற்றி, டேங்கின் காற்றைச் சரிசெய்த பின், மெயின் ஸ்விட்சை வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தோம். 7-ஐத் தாண்டவில்லை. டேங்கை எடுக்கவில்லை, அது இப்போது நன்மைதான் செய்கிறது.

நான்காவது: டேங்க் இல்லாத கட்டடம். என்.ஆர்.வி. நன்றாக இருந்தும் கரண்ட் போய் ஒரு நொடி கழித்து மொட்டை மாடிப் பக்கம் இடி கேட்டால் கதை வேறு. பம்பு நின்றதும் கீழிருந்து தள்ளல் இல்லை, மேலே போன தண்ணீர் தன் வேகத்தில் இன்னும் போகிறது. மாடியில் படுக்கையாக ஓடும் பைப்பில் தண்ணீர் பிய்ந்து, நடுவில் வெற்றிடம் விழுகிறது. பிறகு இரண்டு துண்டும் ஓடி வந்து மோதுகின்றன. படுக்கைப் பைப் எவ்வளவு நீளமோ, எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு மோசம். ரிலீஃப் வால்வு வைத்தால் தீராது. நோவு தொடங்குவது அழுத்தம் குறைவதில், ரிலீஃப் திறப்பதோ அழுத்தம் கூடிய பிறகு.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ரைசரின் உச்சியில் காற்று வால்வு. வெற்றிடம் விழும்போது காற்றை வேகமாக உள்ளே விட்டு, வெளியேற்றும்போது மெதுவாக விடும் வகைதான் வேண்டும். சாதாரணக் காற்று வால்வு உள்ளே வந்த காற்றைப் படக்கென்று துப்பிவிடும். கடைசிக் காற்று போனதும் தண்ணீர் வந்து வால்விலேயே இடிக்கும். இரண்டாவது, கீழே டேங்க். பம்பு நின்ற பிறகும் டேங்க் கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டிருப்பதால் தண்ணீர் பிய்வதில்லை. எனக்குப் பிடித்தது டேங்க்தான், காற்று வால்வில் சுண்ணாம்பு பிடித்தால் யாருக்கும் தெரியாது.

டேங்க் எவ்வளவு பெரியது? அந்த 56 மீட்டர் பைப்பில் இருப்பது சுமார் 280 லிட்டர் தண்ணீர். நொடிக்கு 1.5 மீட்டரில் ஓடும் அதன் வேகத்தை 6 கிலோவிலிருந்து 8 கிலோவுக்குள் அடக்கி நிறுத்த, சுமார் 3 லிட்டர் தண்ணீரை டேங்க் உள்வாங்கினால் போதும். அதற்கு வேண்டிய காற்று 15 லிட்டர் அளவுதான். 60 அல்லது 100 லிட்டர் டேங்க் தாராளம். பம்பு அடிக்கடி எடுப்பதைக் குறைக்கப் பெரிய டேங்க் வேண்டும் என்றால் அது தனிக் கணக்கு. இடிக்காக மட்டும் 500 லிட்டர் விற்க வந்தால் வாங்காதீர்கள். டேங்கை இணைக்கும் பைப்பைத்தான் கஞ்சத்தனம் செய்யக்கூடாது. 3 அங்குல மெயினில் ஒரு அங்குலக் குழாயில் தொங்கும் டேங்குக்கு, இடி வந்து போனதே தெரியாது. மெயினின் பாதி அளவுக்குக் குறையாமல், நீளம் குறைவாக இணையுங்கள்.

## அறிகுறி 3: மோட்டார் எடுக்கும்போது இடி, குழாயில் காற்றோடு தண்ணீர் சீறுகிறது

கரண்ட் போன நேரத்தில் கீழ்வீடுகள் குழாயைத் திறந்தால் மேல் ரைசரில் உள்ள தண்ணீர் இறங்கி, மேல்வீட்டுக் குழாய்கள் வழியே காற்று ஏறும். திரும்ப கரண்ட் வந்ததும் டிரைவ் பிரஷர் குறைவு என்று பார்த்து ஒரே மூச்சில் 50 ஹெர்ட்ஸுக்குத் தூக்கும். காலி பைப்பில் ஓடி வரும் தண்ணீர் உச்சியில் முட்டும்.

கரண்டே போகவில்லை, இரவு முழுக்கப் பம்பு ஓய்ந்திருந்து காலையில் எடுக்கும்போதும் இடிக்கிறதா? அப்படியென்றால் என்.ஆர்.வி. கசிந்து தண்ணீர் சம்புக்கே திரும்புகிறது. சோதனை எளிது. பம்பு நின்றிருக்கையில் உச்சி மாடியில் ஒரு குழாயைத் திறந்து வாயில் விரல் வையுங்கள். விரலை உள்ளே இழுத்தால் ரைசரில் வெற்றிடம் இருக்கிறது. கீழே பம்பு ரூமில் கேஜ் 3.6 கிலோவுக்கு வெகு கீழே இறங்கியிருக்கும். என்.ஆர்.வி. சீட்டில் மணல், டெஃப்லான் டேப் துண்டு ஏதாவது சிக்கியிருக்கிறதா பாருங்கள்; பெரும்பாலும் அதுதான். சம்புக்கு மேலே பம்பு இருக்கும் செட்டுகளில் ஃபுட் வால்வையும் பாருங்கள்.

கரண்ட் வரும்போது மட்டும் என்றால் டிரைவில் பைப் நிரப்பும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். குறைந்த வேகத்தில் ஓடி, லைன் நிரம்பிய பிறகுதான் செட் பிரஷருக்குப் போகும். எந்த வேகம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு:

```
குறைந்தபட்ச Hz = 50 × √(உயரம் ÷ பம்பின் மூடிய ஹெட்)
              = 50 × √(36 ÷ 80) = 33.5
```

பம்பின் பிளேட்டில் அல்லது கர்வில், ஓட்டம் பூச்சியமாக இருக்கும்போது 80 மீட்டர் ஹெட் என்றால் 33.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே தண்ணீர் உச்சியைத் தொடவே தொடாது. 36, 37-இல் வையுங்கள். எடுக்கும் நேரம் 10 முதல் 15 வினாடி. அந்த வசதி இல்லாத பேனல் என்றால் டெலிவரி கேட் வால்வைக் கால்வாசி திறந்து வைத்து எடுத்து, கேஜ் ஏறிய பிறகு முழுவதும் திறப்பது பழைய வழி. ஆள் இருந்தால்தான் நடக்கும்.

## அறிகுறி 4: பம்பு சீராக ஓடுகிறது, வீட்டுக்குள் இடிக்கிறது

பம்பு செட்டைத் தொடாதீர்கள். ஒரு வீட்டில் மட்டும் என்றால் வாஷிங் மெஷினின் சோலனாய்டு வால்வும் ஃப்ளஷ் வால்வும் முதல் சந்தேகம். அந்த வீட்டின் ஸ்டாப் காக்கைப் பாதி மூடிப் பாருங்கள். நின்றால் மெஷின் இணைப்பில், இடியை வாங்கிக்கொள்ளும் ஒரு சிறு அரெஸ்டர் போதும். குழாய் பாதி திறந்திருக்கும்போது 'டக டக' என்று தொடர்ந்து அடித்தால் உள்ளே வாஷர் தளர்ந்திருக்கிறது. கீழ்மாடிகளில் மட்டும், எல்லா வீட்டிலும் என்றால் அந்த மாடிகளுக்கு உள்ள பிரஷர் குறைக்கும் வால்வு தள்ளாடுகிறது. ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்து பாருங்கள். இரவில், ஓட்டம் குறைந்தபோது மட்டும் தள்ளாடினால் வால்வு தேவைக்கு மேல் பெரியது. பக்கத்திலேயே ஒரு சிறிய வால்வை இணையாகப் போட வேண்டும்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

பம்பு அடித்தள போல்ட் தளர்வது, ஃபிளாஞ்சில் கேஸ்கெட் திரும்பத் திரும்பப் போவது, பம்பு மேல்பாகத்தில் விரிசல் தெரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனைக்காகக் கரண்ட்டை இறக்கி ஏற்றிப் பார்க்காதீர்கள். தீயணைப்பு லைன் இடித்தால் அதில் நீங்களாக எந்த வால்வையும் மாற்றவோ சேர்க்கவோ கூடாது. வி.எஃப்.டி. மூடியைத் திறக்க வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியன் வரட்டும். அணைத்த பிறகும் உள்ளே மின்னேற்றம் நிற்கும்.

உச்ச அழுத்தம் லைனில் உள்ள மிகப் பலவீனமான பொருளின் ரேட்டிங்கைத் தாண்டினாலும், என்.ஆர்.வி., டேங்க் இரண்டும் சரியாக வைத்த பிறகும் கரண்ட் போகும்போது இடித்தாலும், இந்த அழுத்த இடிக்கு, அதாவது சர்ஜுக்கு, கணக்குப் போடத் தெரிந்த பம்பிங் என்ஜினியரைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் ரைசரின் அளவும் பொருளும், செங்குத்து நீளம், படுக்கை நீளம், பம்பு கர்வ், செட் பிரஷர், டேங்கின் லிட்டரும் காற்றழுத்தமும், என்.ஆர்.வி. வகை, லாகர் பதிவு ஆகியவற்றைக் கொடுங்கள். இவற்றைக் கேட்காமல் பைப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு டேங்க் விலை சொல்பவரானால், வேறு ஆளைப் பாருங்கள்.